விசேஷத்துக்கு முன்னால் ஷீட் மாஸ்க்கும் ஐஸ் கட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து அழகு நிலையங்களில் கல்யாண சீசன் வந்தால் இந்தக் கேள்விகள் ஓய்வதில்லை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

எக்கா, ஷீட் மாஸ்க் போட்டா முகம் பளபளன்னு ஆகுதே, அது நெசமாவே உள்ள வேலை செய்யுதா?

பளபளப்பு நிஜம்தான். ஆனால் வேலை நடப்பது தோலின் மேல்படலத்தில் மட்டும். அந்தப் படலம் செத்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டியது, தாளை விட மெல்லியது. தண்ணீர் குறைந்தால் அதன் ஓரங்கள் சிம்பு சிம்பாகத் தூக்கி நிற்கும். கோடையில் வற்றிய குளத்து மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அது மாதிரி. அதன்மேல் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் முகம் மங்கலாகத் தெரிகிறது.

மாஸ்க் உறையில் 20 முதல் 25 மில்லி வரை நீர் இருக்கும். பெரும்பகுதி தண்ணீர். அதோடு தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிளிசரின், ஹையலுரானிக் அமிலம் போன்றவை கொஞ்சம். துணி முகத்தில் ஒட்டியிருக்கும் கால் மணி நேரமும் ஈரம் காற்றில் போக வழியில்லை. மேல்படலம் ஊறி உப்பி, தூக்கி நின்ற ஓரங்கள் படிந்துவிடும். வறட்சியால் வந்த மெல்லிய கோடுகள் மறைந்து, வெளிச்சம் ஒரே சீராகத் திரும்புகிறது. நீங்கள் பார்க்கிற பளபளப்பு அதுதான்.

அந்தப் பளபளப்பு எவ்வளவு நேரம் நிக்கும்? ரெண்டு நாள் இருக்கும்னு கடையில சொன்னாங்க.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மேலே ஒன்றும் பூசாமல் விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊறிய தண்ணீர் மெல்ல மெல்லக் காற்றில் போய்விடுகிறது. எடுத்த கையோடு மாய்ஸ்சரைசர் பூசினால் அந்தப் போக்கு மெதுவாகும், அரை நாள் வரை வித்தியாசம் தெரியும். மறுநாள் காலையில் எதுவும் மிஞ்சாது. இரண்டு நாள் என்பது விற்கிறவர் பேச்சு.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இது இடத்துக்கு இடம் மாறும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தோல் மெதுவாகத்தான் காயும். அங்கே தொந்தரவு வியர்வையும் பிசுபிசுப்பும்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்று வீசும்போதும், குளிர்சாதனம் போட்ட மண்டபத்துக்குள்ளேயும் தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். விசேஷம் நடக்கிற இடம் எது என்று பார்த்துத்தான் மாஸ்க்குக்குப் பிறகு பூசும் கிரீமின் கனத்தை முடிவு செய்ய வேண்டும்: கடற்கரைக்கு ஜெல் போன்ற லேசானது, ஏசி மண்டபத்துக்குக் கொஞ்சம் கெட்டியானது.

ஐஸ் தேச்சா முகத்துல உள்ள துவாரமெல்லாம் மூடிக்கிடும்னு சொல்லுதாங்களே?

மூடாது. கதவு மாதிரித் திறந்து மூடுவதற்கான தசை அந்தத் துவாரங்களுக்குக் கிடையாது. குளிரில் சுற்றியுள்ள தோல் கொஞ்ச நேரம் இறுகுவதால் துவாரம் சிறுத்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். தோல் பழைய சூட்டுக்கு வந்ததும் பழையபடி தெரியும்.

ஐஸ் உண்மையில் செய்வது இரண்டு. ஒன்று, தோலுக்கு அடியில் இருக்கும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் சிவப்பு தணியும், தூங்கி எழுந்த வீக்கமும் கொஞ்சம் வடியும். இரண்டு, ஐஸை எடுத்தபின் அதே குழாய்கள் விரியும். அப்போது கன்னத்தில் ஓடும் லேசான இரத்த ஓட்டத்தைத்தான் ‘குளோ’ என்கிறோம். இந்த இரண்டும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை.

கண்ணுக்கடியில் நீலம் பாரித்த மாதிரி இருக்கும் கருவளையம் ஐஸில் சற்று வெளிறும், ஏனென்றால் அது இரத்தக் குழாயின் நிறம். தோலே கறுத்திருந்தாலும் கண்ணுக்கடி குழிந்திருந்தாலும் ஐஸ் ஒன்றும் செய்யாது. கண்ணாடி முன் நின்று அந்த இடத்தைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்த தோலோடு பழுப்பு நிறமும் சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. தலையை அண்ணாந்து மேல்வெளிச்சத்தைப் பார்க்கும்போது கறுப்பு குறைந்தால் அது குழிவின் நிழல்.

சரி, ஐஸை எப்படித்தான் தேய்க்கணும்? அப்படியே கையில எடுத்துத் தேய்க்கலாமா?

வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் மைனஸ் 18 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். அந்த உலர்ந்த கட்டி ஈரத் தோலில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் தோல் உரசிப் போகும். ஒரு கட்டியை எடுத்து ஒரு நிமிஷம் வெளியே வைத்து, மேற்பரப்பு பளபளவென்று ஈரமானபின் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றை மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு நெற்றி, இரு கன்னம், தாடை என்று ஒவ்வொரு பகுதியிலும் 20 வினாடி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே. கண்ணுக்கடியில் எலும்பு விளிம்போடு 10 வினாடி போதும். முழு முகத்துக்கும் சேர்த்து இரண்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். குளிர் தெரிவது சரி. குத்தல் எடுத்தாலோ, மரத்துப் போனாலோ, அந்த இடம் வெளுத்துத் தெரிந்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

ரெண்டையும் செய்யலாம்னா எது முதல்ல?

ஐஸ் முதலில், மாஸ்க் பிறகு. ஐஸ் உருகும் தண்ணீர் எதையும் கழுவிக்கொண்டுதான் போகும். மாஸ்க் போட்டு, அதன் நீர் தோலில் படிந்தபின் ஐஸ் தேய்த்தால், காசு கொடுத்து வாங்கியதைக் கழுவி விட்டது போல. மாஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும், தனி ஐஸே தேவைப்படாது. எங்களைக் கேட்டால் அதுதான் சிறந்த வழி, தோல் பாதிக்கும் வாய்ப்பும் குறைவு. ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். அதில் உள்ள கலவை பிரிந்துபோகும், துணியும் விறைத்து முகத்தில் படியாது.

எனக்கு காலையில 9 மணிக்கு முகூர்த்தம், மேக்கப் போட ஆள் அஞ்சரைக்கு வருவாங்க. மணி வாரியா சொல்லித் தாங்களேன்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தொடங்க வேண்டும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உப்பு கூடினால் காலையில் கண் வீங்கும். எட்டரைக்குள் சாப்பிட்டுவிட்டு, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் படுங்கள்.

காலை 4 மணிக்கு எழுந்து நடமாடுங்கள். வீக்கம் வடிய முக்கியக் காரணம், படுத்த உடம்பு நிமிர்வதுதான். முகத்தில் தேங்கிய நீர் கீழே இறங்கிவிடுகிறது. ஐஸ் அதற்குத் துணை மட்டுமே. 4.20க்கு மிதமான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, 4.25க்கு மேலே சொன்ன மாதிரி இரண்டு நிமிஷம் ஐஸ். 4.30க்கு மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுக்காதீர்கள், வடிந்த வீக்கம் திரும்பும். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். 4.45க்கு எடுத்துவிட்டு, முகத்தில் நிற்கும் நீரை விரல் நுனியால் ஒரு நிமிஷம் தட்டித் தட்டி இறக்குங்கள். மிஞ்சியது கழுத்துக்கும் கைக்கும்.

4.55க்கு ஒரு மெல்லிய ஈரத்துணியால் மேலே நிற்கும் பிசுக்கை ஒற்றியெடுத்து, பெரிய பட்டாணி அளவு மாய்ஸ்சரைசர். 5.15க்கு விரலின் பின்புறத்தைக் கன்னத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் முகம் தயார். ஒட்டினால் டிஷ்யூவை ஒருமுறை அழுத்தி எடுத்து, இன்னும் ஐந்து நிமிஷம் விடுங்கள்.

இதில் 9 மணிக்கு என்ன மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஸால் வந்தது 6 மணிக்குள் போய்விடும், ஆனால் அதற்குள் நீங்கள் இரண்டு மணி நேரமாக நிமிர்ந்திருப்பதால் வீக்கம் திரும்பாது. மாஸ்க் கொடுத்த மிருது, மேக்கப்புக்கு அடியில் கிரீம் மூடியிருப்பதால் ஓரளவு நிற்கும். ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் ஒரே சீராக உட்காரும். மாலை மாற்றும்போது எடுக்கிற போட்டோவில் மின்னுவது பெரும்பாலும் ஹைலைட்டரும் விளக்கும்தான்.

போன தடவை மாஸ்க் போட்டுட்டு மேக்கப் போட்டேன், அழுக்கு உருட்டுன மாதிரி உருண்டு உருண்டு வந்துட்டு. ஏன்?

மாஸ்க் நீரில் கெட்டித்தன்மைக்காகப் பசை போன்ற பொருள்கள் சேர்ப்பார்கள். அது தோலில் ஒரு மெல்லிய படலமாகக் காயும். அது காய்வதற்குள் கிரீம், அதற்குள் சன்ஸ்க்ரீன், அதன்மேல் சிலிக்கான் கலந்த பிரைமர் என்று அடுக்கித் தேய்த்தால், அடியில் இருக்கும் படலம் பிய்ந்து உருளும். மாஸ்க் நீரை வீணாக்கக் கூடாது என்று மூன்று தடவை பூசுகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

முந்தின பதிலில் ஈரத்துணியால் ஒற்றச் சொன்னதும், விரலை வைத்துப் பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஐந்து பத்து நிமிஷம் இடைவெளி விடுங்கள், தேய்க்காமல் தட்டிப் பூசுங்கள். உருள ஆரம்பித்துவிட்டால் மேலே மேலே பூசி மறைக்க முடியாது. அந்த இடத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து, கிரீமிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

கூடுதல் நேரம் வச்சா கூடுதல் பலன்தானே? ராத்திரி போட்டுட்டே தூங்கிடலாமா?

பதினைந்து நிமிஷம், அதிகம் போனால் இருபது. அதற்கு மேல் வேண்டாம், மேல்படலம் பிடிக்கும் தண்ணீருக்கு ஓர் எல்லை இருக்கிறது. துணி துவைத்து முடிந்ததும் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்குமே, அளவுக்கு மீறி ஊறினால் முகத் தோலும் அப்படித்தான் வலுவிழந்து, அடுத்துப் படுகிற எதற்கும் எரியும்.

துணி முகத்திலேயே காய்ந்தால் இன்னொரு கெடுதல்: இழுத்து எடுக்கும்போது தோல் உரசும், கலவையும் ஒரே இடத்தில் செறிந்து அரிக்கும். நேரம் தெரிய கடிகாரமே வேண்டாம். தாடை ஓரத்தில் துணி தாள் போல விறைத்துத் தூக்க ஆரம்பித்தால் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் பத்து நிமிஷத்திலேயே அப்படி ஆகும்.

கொலாஜன் மாஸ்க், தங்க மாஸ்க், வெள்ளையாக்குற மாஸ்க்னு நிறைய இருக்கே. எதை வாங்க?

கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது. தோலின் மேல்படலத்தைக் கடந்து உள்ளே போகாது. மேலே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த வேலையைக் கிளிசரினே செய்துவிடும். தங்கத் துகள் கண்ணுக்கு மினுங்கும், வேறொன்றும் இல்லை. வெள்ளை நிறம் பதினைந்து நிமிஷத்தில் வராது. ஊறிய தோல் கொஞ்சம் தெளிவாகத் தெரிவதைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். தோலின் மேல்படலம் மாறிப் புதிதாக வரவே கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகிறது.

‘பயோ செல்லுலோஸ்’ என்று எழுதியிருக்கும் மாஸ்க்கில் மட்டும் ஒரு நியாயமான வித்தியாசம் உண்டு. நுண்ணுயிர்களை வளர்த்துச் செய்த ஜெல்லி போன்ற துணி அது. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்தும் அதைச் செய்கிறார்கள். மூக்கோரம், தாடை மடிப்பு எல்லாம் இடைவெளியில்லாமல் படியும், சீக்கிரம் காயாது. விலை கூடுதல். மற்றபடி வாசனை சேர்க்காத, கிளிசரினும் ஹையலுரானிக் அமிலமும் உள்ள சாதாரண மாஸ்க்கே விசேஷத்துக்குப் போதும். உறையில் கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், ரெட்டினால் என்று இருந்தால் கல்யாண வாரத்தில் தொடாதீர்கள்.

எலுமிச்சை ஐஸ், தக்காளி ஐஸ், கற்றாழை ஐஸ், எளநி ஐஸ்னு வீடியோ போடுதாங்க. எது நல்லது?

வெறும் தண்ணீர் ஐஸ். வேலை செய்வது குளிர்ச்சி, உள்ளே கலந்தது அல்ல. எலுமிச்சைச் சாறு தோலுக்குத் தாங்காத புளிப்பு. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போட்டோ எடுக்கப் போனால் கொப்புளம் வந்து, பிறகு மாதக் கணக்கில் கறுத்து நிற்கலாம். முட்டம் பாறையில் நடுப்பகலில் நிற்கப் போகிறவர்கள் இதை அவசியம் மனதில் வைக்க வேண்டும். தக்காளியும் புளிப்புதான், எரியும்.

சோற்றுக்கற்றாழையை வெட்டினால் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது அரிப்பைத் தரும். வெட்டிய மடலைச் செங்குத்தாக நிறுத்தி முழுக்க வடியவிட்டு, சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவாமல் ஐஸ் ஆக்கக்கூடாது. இளநீரில் இருக்கும் சர்க்கரை பிசுபிசுக்கும், குடிப்பதே மேல்.

ஒரு பாத்திரம் நிறைய ஐஸ் தண்ணி வச்சு முகத்தை முக்குறாங்களே, அது?

வீக்கம் வடிவதற்கு ஐஸ் கட்டி செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, ஒரே சீராக. ஐந்து பத்து வினாடியாக இரண்டு தடவை முக்கினால் போதும். ஆனால் முகம் குளிர்ந்த தண்ணீருக்குள் போய் மூச்சை அடக்கியதும் இதயத் துடிப்பு சட்டென்று குறையும். உடம்பு இயல்பாகவே அப்படிச் செய்யும். இதய நோய் உள்ளவர்களும், அடிக்கடி மயக்கம் வருகிறவர்களும் இதைச் செய்யக்கூடாது.

முந்தின நாள்தான் த்ரெட்டிங்கும் ப்ளீச்சும் பண்ணினேன். பருவும் இருக்கு. மாஸ்க் போடலாமா?

த்ரெட்டிங், வாக்ஸிங், ப்ளீச் எதுவாயிருந்தாலும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அவற்றால் மேல்படலம் உரிந்திருக்கும், மாஸ்க் நீரில் உள்ள வாசனையும் பதனப் பொருளும் நேராக உறைக்கும். மாப்பிள்ளைமாருக்கும் இதே கதைதான், சவரம் முதல் நாள் மாலையிலேயே முடிந்திருக்க வேண்டும். எந்த மாஸ்க் ஆனாலும் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஒவ்வாமை சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியவரும்.

வலியெடுக்கும் ஒற்றைப் பருவுக்குத் துணியில் சுற்றிய ஐஸை அரை நிமிஷம் வைப்பது உதவும், சிவப்பும் வலியும் குறையும். பரு போய்விடாது. முகம் முழுக்கச் சீழ்ப்பரு இருந்தால் மாஸ்க்கைத் தவிர்ப்பது நல்லது. குளிர் பட்டால் தடிப்புத் தடிப்பாக எழுகிறவர்கள் ஐஸ் பக்கமே போக வேண்டாம்.

ஐஸ் வச்ச இடம் கறுத்துப் போச்சு, ஒருத்திக்கு வெள்ளையாவும் ஆயிட்டு. ஐஸ்ல எப்படி?

அது குளிரால் பட்ட புண். நம் போன்ற மாநிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்து நிற்கும், மாதக் கணக்கில் ஆகும். வெளுத்துப் போவது இன்னும் ஆழமான காயம். நிறத்தைத் தயாரிக்கும் செல்கள் தோலின் மற்ற செல்களைவிடக் குளிருக்குச் சீக்கிரம் சாகும், மைனஸ் 5 டிகிரி அளவே அவற்றுக்குப் போதும். ஃப்ரீசர் ஐஸ் அதைவிடக் குளிர்ச்சி என்பதை மேலே பார்த்தோம். ஐஸை ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருந்தால்தான் இந்த நிலை வரும். வெளுத்த இடம் சில வாரத்தில் திரும்பாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாஸ்க் வாங்காம வீட்டிலேயே அதே மாதிரி செய்ய வழி உண்டா?

உண்டு, நன்றாகவே வேலை செய்யும். கொதித்து ஆறிய தண்ணீர் பத்துத் தேக்கரண்டி, மருந்துக்கடை கிளிசரின் ஒரு தேக்கரண்டி. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய மெல்லிய துவர்த்திலிருந்து முகத்தளவு வெட்டி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் இடம் விட்டு, இந்த நீரில் நனைத்து லேசாகப் பிழிந்து கால் மணி நேரம் போடுங்கள். பிறகு வழக்கமான மாய்ஸ்சரைசர். கிளிசரினை நீர் கலக்காமல் பூசினால் பிசுபிசுப்பதோடு எரியவும் செய்யும். மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள். கடை மாஸ்க் உறையில் மிஞ்சும் நீருக்கும் இதே விதிதான், திறந்தபின் அதில் கிருமி வளரும்.

கல்யாணத்தன்னைக்கே மாஸ்க் போட்டு முகம் சிவந்துட்டுன்னா என்ன செய்ய?

உடனே துணியை எடுத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள், சோப்பு வேண்டாம். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். அந்தச் சமயத்தில் ஐஸ் வேண்டாம், எரிந்த தோலுக்கு அது இன்னொரு அடி. பிறகு வாசனையில்லாத கிரீம் அல்லது வாஸ்லின் மெல்லியதாக. வெறும் எரிச்சலாக இருந்தால் அரை மணி நேரத்தில் சிவப்பு தணியத் தொடங்கும், தணிந்தபின் பச்சை நிறக் கரெக்டரை மெல்லத் தட்டி மேக்கப்பைத் தொடரலாம். அரிப்போடு தடிப்பு எழுந்தாலோ, உதடோ கண்ணிமையோ வீங்கினாலோ மேக்கப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.